வெளிநாட்டு கிளையன்ட் வரி பிடித்தால்: எந்தச் சான்றிதழ் இங்கே பணமாகும், எது வெறும் காகிதம்?

வருமான வரி தாக்கல் செய்யும் பருவம் வந்தால் ஃப்ரீலான்ஸர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, என் கிளையன்ட் அமெரிக்காக்காரர். பணம் குறைவாகத்தான் வந்திருக்கு. டிடிஎஸ் பிடிச்சிருக்காங்க போல. ரீஃபண்ட் கிடைக்கும்ல?" கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும். திறந்து பார்த்தால் பாதி நேரம் அது வரிச் சான்றிதழாகவே இருக்காது. பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று வங்கி கொடுத்த ரசீதாக இருக்கும்.

உள்ளூர் கம்பெனி பிடித்த டிடிஎஸ்ஸும் வெளிநாட்டு கிளையன்ட் பிடித்த வரியும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. முதலாவது உங்கள் கணக்கில் அரசு வரவு வைத்திருக்கும் பணம். வரி அதைவிடக் குறைவாக வந்தால் மீதியைத் திருப்பித் தருவார்கள். இரண்டாவது இன்னொரு நாட்டு அரசின் கஜானாவுக்குப் போய்விட்ட பணம். இந்திய அரசு அதைத் திருப்பித் தராது. உங்கள் இந்திய வரியில் கொஞ்சம் கழித்துக்கொள்ள விடும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் படிவம் நிரப்பும் வேலைதான்.

இங்கே சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு, அதாவது 2026 மார்ச் 31 வரை வந்த பணத்துக்கு. அதற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும்.

முதல் வேலை: பணத்தைக் குறைத்தது யார்?

இன்வாய்ஸையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது ஆயிரம் டாலர், வந்தது 975 என்றால் அது வரியாக இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்த இன்வாய்ஸ் மூவாயிரம் டாலராக இருந்து, அதிலும் அதே 25 டாலர்தான் குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், நடுவில் இருக்கும் வங்கிகள் எடுத்த கட்டணம். வரி என்பது எப்போதும் சதவீதமாகத்தான் போகும். ஆயிரத்துக்கு 150, மூவாயிரத்துக்கு 450 என்று தொகையோடு சேர்ந்து ஏறும். வங்கிக் கட்டணத்துக்கு எந்த வரிச் சான்றிதழும் கிடையாது. அதைத் தொழில் செலவாக எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

வங்கி தரும் எஃப்ஐஆர்சி அல்லது இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸ் என்ற தாள் பணம் முறையாக வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம். ஜிஎஸ்டியில் ஏற்றுமதி என்று காட்ட அது தேவைப்படும், பத்திரமாக வையுங்கள். ஆனால் வரி பிடித்ததற்கு அது சாட்சி ஆகாது.

குறைந்தது சதவீதமாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது, அந்த வரி எந்த நாட்டு அரசுக்குப் போனது என்பதை.

இந்திய அரசுக்குப் போன வரி: 16ஏ

இந்தியாவில் அலுவலகமே இல்லாத ஒரு வெளிநாட்டு கம்பெனி பொதுவாக நமக்கு டிடிஎஸ் பிடிப்பதில்லை. டிடிஎஸ் பிடித்துக் கட்ட அவர்களிடம் வரி பிடிப்பவர்களுக்கான டான் எண் இருக்க வேண்டும், அவர்கள் அதை வாங்கியே இருக்க மாட்டார்கள். ஆகவே அவர்களிடம் டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16ஏ கேட்டு மெயில் மேல் மெயில் அனுப்புவதில் பயன் இல்லை. அங்கே இருக்கும் கணக்காளருக்கு அது என்னவென்றே தெரியாது.

ஆனால் இரண்டு இடங்களில் வெளிநாட்டு வேலைக்கும் இந்திய டிடிஎஸ் வரும். ஒன்று, கிளையன்ட்டின் இந்தியக் கிளை கம்பெனி பணம் கொடுக்கும்போது. பேச்சுவார்த்தை எல்லாம் லண்டனோடு நடந்திருக்கும், பணம் பெங்களூரிலிருந்து ரூபாயில் வரும். அப்போது 194ஜே பிரிவின்படி தொழில்முறைச் சேவைக்கு 10 சதவீதம், டெக்னிக்கல் சேவைக்கு 2 சதவீதம் பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல், ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இந்தப் பிடித்தம். இன்னொன்று, ஃப்ரீலான்ஸ் தளங்கள் வழியாக வேலை எடுக்கும்போது. 194ஓ பிரிவு ஈ-காமர்ஸ் தளங்களுக்கானது, தளம் வெளிநாட்டுடையதாக இருந்தாலும் பொருந்தும். 2024 அக்டோபர் 1 முதல் அதன் விகிதம் 0.1 சதவீதம். பான் எண் கொடுக்காமல் விட்டால் அது 5 சதவீதமாக எகிறிவிடும். தளத்தின் செட்டிங்ஸில் பான் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இந்த வகையில் உங்களுக்கு வர வேண்டியது படிவம் 16ஏ. மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு ஆகஸ்ட் 15-க்குள்ளும், அதற்கடுத்த காலாண்டுகளுக்கு நவம்பர் 15, பிப்ரவரி 15, ஜூன் 15-க்குள்ளும் தர வேண்டும். அது வருமான வரித்துறையின் TRACES தளத்திலிருந்து இறக்கியதாக இருக்க வேண்டும். வேர்டில் தட்டச்சு செய்து சீல் குத்தித் தந்தால் ஏற்காதீர்கள்.

கையில் 16ஏ வந்தாலும் நான் முதலில் திறப்பது, உங்கள் பானில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸைத்தான். அதில் வரி ஏறியிருந்தால்தான் வரவு கிடைக்கும். 16ஏ-யில் இருக்கும் தொகை அதில் இல்லையென்றால், பிடித்தவர் அரசுக்குக் கட்டவில்லை, அல்லது உங்கள் பானைத் தப்பாகப் போட்டுவிட்டார். அவர் தன் டிடிஎஸ் ஸ்டேட்மெண்டைத் திருத்தித் தாக்கல் செய்தால்தான் சரியாகும். ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தளங்களில் ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. 26ஏஎஸ்ஸில் தெரியும் தொகை கமிஷன் பிடிப்பதற்கு முந்தையது. வங்கிக்கு வந்ததோ கமிஷன் போக மீதி. இரண்டும் பொருந்தவில்லையே என்று வங்கியில் வந்ததை மட்டும் வருமானமாகக் காட்டினால், ஏன் குறைத்துக் காட்டினீர்கள் என்று துறை கேட்கும். முழுத் தொகையை வரவாகவும் கமிஷனைச் செலவாகவும் காட்டுங்கள்.

சரி, இந்த வகை இத்தோடு முடிந்தது. உண்மையான சிக்கல் அடுத்ததில்தான்.

வெளிநாட்டு அரசுக்குப் போன வரி

இங்கே ஒரே மாதிரியான சான்றிதழ் என்று ஒன்றும் இல்லை, நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அதன் பெயர் 1042-S. அதையே எடுத்துக்கொண்டு விரிவாகப் பார்ப்போம்.

கோவையில் இருந்து வேலை செய்யும் ஒரு டெவலப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க கம்பெனி ஒன்றுக்கு மாதாமாதம் பராமரிப்பு வேலை செய்து ஆண்டுக்கு 12,000 டாலர் வாங்குகிறார். அது போக, அவர் எழுதிய ஒரு ப்ளக்இன்னை அதே கம்பெனி அமெரிக்காவில் விற்கிறது. அதற்கான ராயல்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பராமரிப்புப் பணம் முழுதாக வருகிறது, ராயல்டியில் மட்டும் 15 சதவீதம் குறைகிறது. ஒரே கம்பெனி, ஒரே வங்கிக் கணக்கு. பின் ஏன் இப்படி?

பராமரிப்பு வேலையை அவர் கோவையில் உட்கார்ந்து செய்கிறார். வேலை எங்கே நடந்ததோ அங்கேதான் அந்த வருமானம் பிறந்தது என்பது அமெரிக்கச் சட்டத்தின் கணக்கு. அந்தப் பணத்தில் அமெரிக்காவுக்குப் பங்கு இல்லை. ராயல்டி அப்படியல்ல. அந்த உரிமை அமெரிக்காவில் பயன்படுவதால் அது அமெரிக்க வருமானம். சாதாரணமாக அதற்கு 30 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு அதை 15 சதவீதமாகக் குறைக்கிறது.

அந்த 15-ஐப் பெற W-8BEN என்ற படிவத்தை கிளையன்ட்டிடம் கொடுத்திருக்க வேண்டும். அதில் 6-ஆம் வரியில் உங்கள் பான் எண்ணை வெளிநாட்டு வரி எண்ணாக எழுதலாம். 9-ஆம் வரியில் இந்தியா, 10-ஆம் வரியில் 12-ஆம் பிரிவு, 15 சதவீதம், ராயல்டி என்று வர வேண்டும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்று காலண்டர் ஆண்டுகள் முடியும் வரை செல்லும். நான்காவது ஆண்டு ஜனவரியில் திடீரென்று 30 சதவீதம் பிடித்திருந்தால் பெரும்பாலும் இது காலாவதியானதுதான் காரணம்.

1042-S வந்தால் எதைப் பார்க்க வேண்டும்

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 15-க்குள் கிளையன்ட் முந்தைய காலண்டர் ஆண்டுக்கான 1042-S-ஐத் தர வேண்டும். கட்டம் கட்டமாக நிறைய எண்கள் இருக்கும். நமக்கு வேண்டியது நான்கு.

முதல் கட்டம் வருமான வகையின் குறியீடு. மென்பொருள், பதிப்புரிமை ராயல்டி என்றால் 12 இருக்கும். 17 என்று இருந்தால் அது தனிநபர் சேவைக் கட்டணம். இந்த ஒரு எண்ணைப் பொறுத்து இந்தியாவில் உங்கள் கதையே மாறும். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். இரண்டாம் கட்டத்தில் வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகை. 3b-யில் பிடித்த விகிதம். 7a-யில் பிடித்த வரி. பெயர் உங்கள் பானில் இருப்பது போலவே இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மூரில் இனிஷியலை விரிப்பதிலும் அப்பா பெயரைச் சேர்ப்பதிலும் ஏற்படும் குழப்பம் இங்கேயும் வரும்.

வேறு நாட்டு கிளையன்ட் என்றால் இந்தப் படிவம் இருக்காது. அப்போது என்ன கேட்பது? இந்திய வருமான வரி விதி 128 மூன்று வகை ஆதாரத்தை ஏற்கிறது. அந்த நாட்டு வரித்துறை தந்த சான்றிதழ், வரியைப் பிடித்தவர் தந்த சான்றிதழ், அல்லது நீங்களே கையெழுத்திட்ட அறிக்கையோடு வரி பிடித்ததற்கான ஆதாரம். வருமானத்தின் தன்மை என்ன, எவ்வளவு வரி பிடிக்கப்பட்டது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். கிளையன்ட்டிடம் கேட்கும்போது 'டிடிஎஸ் சர்டிபிகேட்' என்று கேட்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள்: என் பெயர், உங்கள் பெயரும் வரி எண்ணும், ஒவ்வொரு பேமெண்ட்டின் தேதி, முழுத் தொகை, பிடித்த வரி, எந்த வருமானத்துக்கு, அரசுக்குக் கட்டிய விவரம். இப்படிக் கேட்டால் பெரும்பாலும் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார்கள்.

அவர்கள் ஆண்டும் நம் ஆண்டும்

கோவை டெவலப்பருக்கு 2025-க்கான 1042-S வருகிறது. அதில் 3,600 டாலர் ராயல்டி, 540 டாலர் வரி. அவர் அதை அப்படியே எடுத்து ரிட்டர்னில் போடப் போகிறார். அங்கேதான் தவறு.

அவருக்குப் பணம் வந்த விதம் இது. 2025 பிப்ரவரியில் 600 டாலர். மே, ஆகஸ்ட், நவம்பரில் ஆயிரம் ஆயிரமாக மூன்று முறை. 2026 பிப்ரவரியில் ஆயிரம். சான்றிதழ் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதனால் 2025 பிப்ரவரியின் 600 அதில் உண்டு, 2026 பிப்ரவரியின் ஆயிரம் இல்லை. நம் கணக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. முதல் 600 போன நிதியாண்டுக்குச் சேர்ந்தது. ஆகவே 2025-26-க்கு அவர் காட்ட வேண்டியது 4,000 டாலர் வருமானம், 600 டாலர் வரி. பணம் கைக்கு வரும்போது வருமானமாக எழுதுகிற முறையில் கணக்கு வைப்பவருக்குத்தான் இப்படி. இன்வாய்ஸ் தேதிப்படி எழுதுகிறவர்களுக்குப் பிரிப்பு கொஞ்சம் மாறும்.

2026 பிப்ரவரிக்கான 1042-S 2027 மார்ச்சில்தான் வரும். ரிட்டர்ன் போடும்போது கையில் இருக்காது. விதி 128 சொல்லும் மூன்றாவது வகை ஆதாரம் இதற்குக் கைகொடுக்கும். கிளையன்ட்டின் பேமெண்ட் ஸ்டேட்மெண்ட்டில் முழுத் தொகை ஆயிரம், வரி 150, கொடுத்தது 850 என்று தெளிவாக இருக்கும். அதைத் தன் கையெழுத்திட்ட அறிக்கையோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

நான் ஒரு சின்ன அட்டவணை போடச் சொல்வேன். பேமெண்ட் தேதி, முழு டாலர், வரி டாலர், எந்த 1042-S-இல் வருகிறது, எந்த நிதியாண்டு. ஐந்தே பத்திகள். இரண்டு மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால் இது ஒன்றுதான் காப்பாற்றும்.

வருமானமாகக் காட்ட வேண்டியது வரி பிடிப்பதற்கு முந்தைய ஆயிரம்தான், வங்கிக்கு வந்த 850 அல்ல. 850-ஐ வருமானமாகக் காட்டிவிட்டு 150-க்கு வரவும் கேட்டால் ஒரே தொகையில் இரண்டு முறை லாபம் பார்த்ததாகிவிடும்.

எந்த நாளின் டாலர் விலை

பிடித்த வரியை ரூபாயாக மாற்ற விதி 128 ஒரு தேதி சொல்கிறது. வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். மே மாதம் பிடித்திருந்தால் ஏப்ரல் 30-ஆம் தேதியின் TT பையிங் ரேட், அதாவது வங்கி டாலரை வாங்கும் விலை. ஸ்டேட் வங்கியின் ரேட்டை எடுத்து அந்த நாளின் பட்டியலைச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும், ஆண்டு சராசரி செல்லாது.

இங்கே கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று டாலருக்கு 85 ரூபாய் என்றே வைக்கிறேன். ராயல்டி 3,40,000 ரூபாய். அமெரிக்கா பிடித்தது 51,000 ரூபாய்.

எவ்வளவு திரும்பக் கிடைக்கும்

இந்த வரவுக்கு ஒரு வரம்பு உண்டு என்று சொன்னேன். வெளிநாட்டில் கட்டிய வரி, அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

ராயல்டிக்கான செலவுகள் 40,000 என்று வைத்தால் நிகர ராயல்டி 3 லட்சம். பராமரிப்பு வேலை, மற்ற கிளையன்ட்கள் எல்லாம் சேர்த்து மொத்த வருமானம் 15 லட்சம். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 3 லட்சத்துக்கு 15 சதவீதம், 45,000. கூட்டினால் 1,05,000. செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 1,09,200.

15 லட்சத்துக்கு 1,09,200 என்றால் சராசரி 7.28 சதவீதம். நிகர ராயல்டி 3 லட்சத்துக்கு இந்த விகிதத்தில் 21,840 ரூபாய். அமெரிக்கா எடுத்தது 51,000. குறைவானது 21,840, அதுதான் வரவு. மீதி 29,160 ரூபாய் போனது போனதுதான். ரீஃபண்டாகவும் வராது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது.

இதே ஆளின் மொத்த வருமானம் 11 லட்சமாக இருந்திருந்தால்? 2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடியால் வரியே இல்லை. இந்திய வரி பூஜ்யம் என்றால் வரவும் பூஜ்யம். 51,000 ரூபாய்க்கு அழகான 1042-S கையில் இருக்கும், பைசா கிடைக்காது. அதே 51,000-ஐ ஓர் இந்திய கம்பெனி பிடித்து 16ஏ தந்திருந்தால் முழுவதும் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்திருக்கும். ஆரம்பத்தில் சொன்ன வித்தியாசம் இதுதான். "12 லட்சம் வரை வரி இல்லையே, அப்போ பிடிச்சதை எல்லாம் திருப்பித் தருவாங்க" என்று நம்பி வருபவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

44ஏடிஏ-வில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டுபவர்களுக்கும் இதே அடி விழும். வருமானம் பாதியானால் அதற்கான இந்திய வரியும் குறையும், வரம்பும் அதோடு சுருங்கும்.

ஆகவே ராயல்டி பேசும்போதே இதைக் கணக்கில் வைத்து விலை சொல்வது நல்லது. கையில் வரப்போவது 85 சதவீதம்தான் என்று எண்ணிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

17 என்ற குறியீடு இருந்தால்

கழித்துச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அதே டெவலப்பர் W-8BEN கொடுக்கவில்லை, கிளையன்ட்டின் கணக்காளர் பாதுகாப்புக்கு என்று பராமரிப்புப் பணத்திலும் 30 சதவீதம் பிடித்துவிட்டார் என்று வையுங்கள். 1042-S-இல் குறியீடு 17 என்று வரும். வரி உண்மையாகவே அமெரிக்க அரசுக்குப் போயிருக்கிறது, சான்றிதழும் உண்மையானது. இந்தியாவில் வரவு கேட்கலாமா?

கேட்டால் மறுப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவின்படி தனிநபரின் தொழில்முறைச் சேவைக்கு, அவருக்கு அமெரிக்காவில் நிலையான இடம் இருந்தாலோ ஆண்டில் 90 நாளோ அதற்கு மேலோ அங்கே தங்கியிருந்தாலோதான் அமெரிக்கா வரி போடலாம். கோவையை விட்டு நகராத ஒருவரிடம் அந்த உரிமை அதற்குக் கிடையாது. ஒப்பந்தம் அனுமதிக்காத வரிக்கு இந்தியா ஏன் தன் வரியை விட்டுக்கொடுக்க வேண்டும்? ராயல்டியிலும் அப்படித்தான். 15-க்குப் பதில் 30 பிடித்திருந்தால், கூடுதலான 15 இங்கே கணக்கில் வராது.

இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் அங்கேதான். அந்த ஆண்டுக்கான 1042-S-ஐ கிளையன்ட் இன்னும் வழங்கவில்லை, அடுத்த ஆண்டு மார்ச் 15-ம் தாண்டவில்லை என்றால் வழி சுலபம். வேலை முழுவதும் இந்தியாவில் நடந்தது என்று எழுதிக் கொடுத்து, W-8BEN-ஐயும் தந்து, தப்பாகப் பிடித்ததைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கிளையன்ட் அதைத் தன் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ள முடியும். அந்தக் கெடு தாண்டிவிட்டால் அமெரிக்க வரித்துறையிடம் ஐடிஐஎன் எண் வாங்கி 1040-NR தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்க வேண்டும். சின்னத் தொகைக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. பணம் குறைந்து வந்த முதல் மாதமே கேட்டால் இந்தப் பாடு வராது.

தாக்கல் செய்வது

இப்போது வெளிநாட்டு வரிக்கு வரவு கேட்கும் படிவம் 67. இதைப் போடாமல் ரிட்டர்னில் வரவு கேட்டால் கணினியே அதை நீக்கிவிட்டு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும். `incometax.gov.in`-இல் நுழைந்து இந்த வழியில் போங்கள்:

```
e-File > Income Tax Forms > File Income Tax Forms > Form 67
```

அசெஸ்மெண்ட் ஆண்டு 2026-27. நாடு, வருமானத்தின் வகை, ரூபாயில் வருமானம், அங்கே பிடித்த வரியும் விகிதமும், இந்தியாவில் அதற்கு வரும் வரி, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்று கேட்கும். நம் டெவலப்பருக்கு இவை அமெரிக்கா, ராயல்டி, 3,00,000, 51,000, 21,840, 12-ஆம் பிரிவு. சான்றிதழையும் வரி பிடித்த ஆதாரத்தையும் பிடிஎஃப்பாக இணைத்து, ஆதார் ஓடிபி போட்டு வெரிஃபை செய்ய வேண்டும். வெரிஃபை செய்யாமல் விட்டால் படிவம் தாக்கலானதாக ஆகாது. இந்தக் கடைசிப் படியில் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரிட்டர்னை ஒழுங்கான நேரத்தில் போட்டிருந்தாலோ தாமத ரிட்டர்னாகவாவது போட்டிருந்தாலோ, படிவம் 67-ஐ அசெஸ்மெண்ட் ஆண்டு முடியும் வரை, அதாவது 2027 மார்ச் 31 வரை தரலாம் என்று விதி சொல்கிறது. இருந்தாலும் ரிட்டர்னுக்கு முதல் நாளே போட்டுவிடுவதுதான் என் பழக்கம். ரிட்டர்ன் பரிசீலனைக்கு வரும்போது படிவம் அங்கே இல்லையென்றால் வரவு மறுக்கப்பட்டு, பிறகு திருத்தம் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம் ரிட்டர்ன். 44ஏடிஏ-காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-4 இங்கே உதவாது. வெளிநாட்டு வரிக்கு வரவு கேட்பவர்கள் அதைப் போட முடியாது, ஐடிஆர்-3 போட வேண்டும். அதில் Schedule FSI பகுதியில் நாடு வாரியாக வருமானமும் வரியும், Schedule TR பகுதியில் கேட்கும் வரவும் வரும். FSI-இல் அந்த நாட்டு வரி எண் கேட்கும். அப்படி ஒன்று உங்களுக்கு இல்லையென்றால் பாஸ்போர்ட் எண்ணைப் போடலாம். ராயல்டியை FSI-இல் காட்டியதோடு விட்டுவிடாதீர்கள். வழக்கமான தொழில் வருமானப் பகுதியிலும் அது சேர்ந்திருக்க வேண்டும். FSI வெறும் பிரித்துக் காட்டும் பகுதி, அது தானாக மொத்த வருமானத்தில் கூட்டாது.

சமர்ப்பிக்கும் முன் மூன்று எண்களை ஒப்பிடுங்கள். படிவம் 67-இல் இருக்கும் வரவு, Schedule TR-இல் இருப்பது, வரிக் கணக்கீட்டுப் பக்கத்தில் ரிலீஃப் என்ற வரியில் வந்திருப்பது. மூன்றிலும் 21,840 இருந்தால் அனுப்பலாம். ஒன்றில் 51,000 என்று நின்றால் வரம்பைப் போட மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.